காலை 7:59 வரை மட்டும் தெரிந்த பிழை: டெவலப்பர் கையிலும் நிகழும்படி ஓர் அறிக்கை

2025 ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி. காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் திறந்ததும் ஒரு தாயிடமிருந்து அழைப்பு வந்தது. சிங்கப்பூரில் பள்ளி முடிந்தபின் பிள்ளைகள் போகும் மாணவர் பராமரிப்பு நிலையங்களுக்காக நாங்கள் ஒரு செயலி செய்து தருகிறோம். பிள்ளையின் அன்றைய மதிய உணவைப் பெற்றோர் காலை 8:30-க்குள் அதில் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்காவிட்டால் நிலையம் வழக்கமான சாப்பாட்டைக் கொடுத்துவிடும்.

"ஏழு இருபதுக்கு பஸ்ல ஏறினதும் பார்த்தேங்க. இன்னிக்கு ஆடி வெள்ளி, பிள்ளைக்கு சைவம் போடலாம்னு. 'முன்பதிவு முடிந்தது'ன்னு வருது. எட்டரை வரைக்கும் நேரம் இருக்குன்னுதானே சொன்னீங்க?"

நான் இந்த அணியில் டெஸ்டர். அவரிடம் ஸ்கிரீன்ஷாட் கேட்டேன், பஸ்ஸிலேயே எடுத்து வைத்திருந்ததை உடனே அனுப்பினார். படத்தின் மேல்பகுதியில் அவருக்கு வந்திருந்த செய்திகளின் குறிகள் தெரிந்தன. அவை வேண்டாமே என்று அந்தப் பட்டையை வெட்டிவிட்டு, கீழுள்ள பகுதியை மட்டும் ஒட்டி, சென்னையில் இருக்கும் எங்கள் டெவலப்பருக்கு இப்படி எழுதினேன்:

"இன்றைய மெனுவில் முன்பதிவு செய்ய முடியவில்லை. 'முன்பதிவு முடிந்தது' என்று வருகிறது. பெற்றோர் புகார். அவசரம்."

சென்னை நேரம் பதினொரு மணிக்கு அவர் பதில் போட்டார்: "அக்கா, இங்க போட்டுப் பார்த்தேன். 'முன்பதிவு முடிந்தது'ன்னு வருது. ஆனா எட்டரை தாண்டியாச்சே, அப்படித்தானே வரணும்? சரியாத்தான் இருக்கு." பிழையை மூடிவிட்டார்.

அவர் மேல் குற்றமில்லை. நான் எழுதியதை எழுதியபடியே செய்து பார்த்தார். சென்னையில் பதினொன்று என்றால் சிங்கப்பூரில் பகல் ஒன்றரை; அந்த நேரத்தில் அந்த வாக்கியம் வருவதுதான் முறை. ஏழு இருபதுக்கு அது வந்தது என்பதுதான் பிழை. அந்த ஏழு இருபது என் அறிக்கையின் எந்த மூலையிலும் இல்லை. படத்தின் மேல்பட்டையில் கடிகாரம் இருந்திருக்கும், அதையும் நானே வெட்டியிருந்தேன். அந்தத் தாயின் பிள்ளை அன்று மதியம் கோழி போட்ட சாப்பாட்டைத் தொடாமல் வைத்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பிழை அறிக்கை என்றால் என்ன என்று அணிக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும்போது நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். புகார் என்பது 'எனக்கு இப்படி நடந்தது' என்று சொல்வது. பிழை அறிக்கை என்பது அதே விஷயத்தை வேறொருவர், வேறோர் ஊரில், வேறொரு கைப்பேசியில் தானே நடத்திப் பார்க்கும்படி எழுதித் தருவது. டெவலப்பர் தன் கண்ணெதிரே நடக்காத பிழையைத் திருத்த முடியாது. திருத்தினாலும், திருந்திவிட்டதா என்று அவருக்குத் தெரியாது. அதனால் அறிக்கையில் எது இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே அளவுகோல்தான்: இதை வைத்துக்கொண்டு அவரால் அதை நடத்திக் காட்ட முடியுமா? எங்கள் பேச்சு வழக்கில் இதை 'ரீப்ரோ' என்போம். 'ரீப்ரோ கிடைச்சுதா?' என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி.

எழுதுவதற்கு முன்பு தேடல் ஒன்று இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை, ஜூலை 21, உட்லண்ட்ஸில் என் வீட்டிலேயே காலை ஏழு பத்துக்கு இரண்டு கைப்பேசிகளை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்று ஆண்ட்ராய்டு, மற்றது ஐஃபோன். என் மனத்தில் நான்கு சந்தேகங்கள் இருந்தன. அந்தத் தாய் பஸ்ஸில் இருந்ததால் நெட்வொர்க் அறுந்து பழைய தகவல் வந்திருக்கலாம். முந்தைய நாள் சேமித்து வைத்த பக்கத்தைச் செயலி அப்படியே காட்டியிருக்கலாம். அவருடைய கைப்பேசியில் மட்டும் ஏதாவது இருக்கலாம். அல்லது அவருடைய கணக்கில் கோளாறு இருக்கலாம்.

இவற்றைச் சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறி, கூடவே செயலியையும் அழித்து மறுபடி நிறுவினால், முடிவு மாறும்போது எது காரணம் என்று சொல்ல வழியிருக்காது. முதலில் வைஃபையில் பார்த்தேன். பிறகு வைஃபையை மட்டும் அணைத்துவிட்டு டேட்டாவில். பிறகு மறுபடி வைஃபையில், ஆனால் செயலியை அழித்துப் புதிதாக நிறுவி. பிறகு ஐஃபோனில். எல்லாவற்றிலும் எங்கள் சோதனைக் கணக்கைத்தான் பயன்படுத்தினேன், அந்தத் தாயின் கணக்கை அல்ல. எப்படி மாற்றினாலும் திரையில் ஒரே வாக்கியம்தான்: 'இன்று நிலையம் விடுமுறை'.

திங்கட்கிழமை ஏன் விடுமுறை? ஞாயிறு அல்லவா விடுமுறை! அப்போதுதான் புரிந்தது, செயலி மூடவேண்டிய நேரத்துக்கு முன்பாக முன்பதிவை மூடவில்லை. அது நேற்றைய நாளைக் காட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை அந்தத் தாய் பார்த்தது வியாழக்கிழமைப் பட்டியல். வியாழனுக்கான முன்பதிவு முடிந்துதானே போயிருக்கும்? பக்கத்தின் தலைப்பில் 'இன்று' என்ற சொல் மட்டும் இருக்கிறது, தேதி இல்லை. ஆகவே யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அலுவலகம் வந்து சேர்ந்தபோது மணி எட்டு முப்பத்தைந்து. அப்போது திங்கள் மெனு சரியாக இருந்தது. நான் எதையும் மாற்றவில்லை, நேரம்தான் மாறியிருந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை ஏழரை மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தைக் கீழே இழுத்துப் புதுப்பித்துக் குறித்துக்கொண்டே வந்தேன். 7:55-க்கு நேற்றைய மெனு. 8:00-க்கு இன்றைய மெனு. எல்லைக் கோடு அந்த ஐந்து நிமிடத்துக்குள் எங்கோ இருந்தது.

புதன்கிழமை, ஜூலை 23, அதைப் படம் பிடித்தேன். அன்று மாலைக்குள் எழுதி முடித்த அறிக்கையைக் கீழே தருகிறேன். எங்கள் அணியில் இதை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். இங்கே தமிழில் மாற்றி எழுதியிருக்கிறேன், வரிசையும் உள்ளடக்கமும் அதேதான்.

தலைப்பு: காலை 8:00-க்கு முன் (சிங்கப்பூர் நேரம்) 'இன்று' பக்கம் நேற்றைய மெனுவைக் காட்டுகிறது

தொடக்க நிலை: சோதனைக் கணக்கு (ஒரு பிள்ளை உள்ள பெற்றோர்), உள்நுழைந்த நிலை. செயலி முழுவதுமாக மூடப்பட்டிருக்கிறது. கைப்பேசியின் நேர மண்டலம் சிங்கப்பூர்.

படிகள்:
1. வேலை நாள் ஒன்றில், நள்ளிரவு 12:00-க்கும் காலை 8:00-க்கும் இடையே செயலியைத் திறக்கவும்.
2. கீழ்ப்பட்டையில் 'உணவு' என்பதைத் தொடவும்.
3. 'இன்று' என்ற தலைப்பின் கீழ் உள்ள மெனுவையும் அதன் நிலையையும் பார்க்கவும்.
4. மணி 8:00 ஆனதும் பக்கத்தைக் கீழே இழுத்துப் புதுப்பிக்கவும்.

எதிர்பார்ப்பது: படி 3-இல் அன்றைய மெனு, 'முன்பதிவு செய்யலாம்' என்ற நிலையுடன்.
நடப்பது: படி 3-இல் முந்தைய நாள் மெனு, 'முன்பதிவு முடிந்தது' என்ற நிலையுடன். முந்தைய நாள் ஞாயிறு என்றால் 'இன்று நிலையம் விடுமுறை'. படி 4-க்குப் பிறகு சரியாகிவிடுகிறது.

எத்தனை முறை: 8:00-க்கு முன் 10-க்கு 10. 8:00-க்குப் பின் 10-க்கு 0.

கருவிகள்: சாம்சங் கேலக்ஸி ஏ54, ஆண்ட்ராய்டு 14, ஐஃபோன் 13, ஐஓஎஸ் 17.6. இரண்டிலும் ஒரே முடிவு. செயலி 3.8.1, பில்ட் 412, ஸ்டோரிலிருந்து நிறுவியது. தானியங்கி நேரம் இயக்கத்தில். வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் நிகழ்கிறது. புதிதாக நிறுவினாலும் நிகழ்கிறது.

பாதிப்பு: காலை 8:00-க்கு முன் பார்க்கும் எந்தப் பெற்றோரும் அன்றைய உணவை மாற்ற முடியாது. மாற்ற முடிவது 8:00 முதல் 8:30 வரை மட்டுமே.

காணொளி: 40 வினாடி, 7:59-லிருந்து 8:00 வரை, வெட்டாதது.

ஊகம் (உறுதியில்லை): எல்லை மிகச் சரியாக 8:00. சிங்கப்பூர், UTC என்ற உலகப் பொது நேரத்தை விட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. தேதி UTC-யில் கணக்கிடப்படுகிறதோ?

இதில் சில இடங்களில் நின்று பேச வேண்டும்.

முதலில் தலைப்பு. பழைய தலைப்பு 'முன்பதிவு செய்ய முடியவில்லை' என்பது. அது என்னுடைய முடிவு. திரையில் நடந்தது வேறு. புதிய தலைப்பில் எப்போது, எங்கே, என்ன என்ற மூன்றும் இருக்கின்றன. டெவலப்பரின் பட்டியலில் அன்று முப்பது தலைப்புகள் இருந்திருக்கலாம். அவர் இதைத் திறக்காமலே 'ஓ, நேரம் சம்பந்தப்பட்டது' என்று அறிந்துகொள்வார்.

அடுத்தது படிகள். ஒரு படியில் ஒரே செயல் இருக்க வேண்டும். 'உணவுப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள்' என்று எழுதினால், எங்கள் செயலியில் அங்கே போக இரண்டு வழிகள் உண்டு: கீழ்ப்பட்டை வழியாகவும் போகலாம், அறிவிப்பைத் தொட்டும் போகலாம். இரண்டும் உள்ளே வெவ்வேறு விதமாகப் பக்கத்தைத் திறக்கின்றன. நான் எந்த வழியில் போனேன் என்பதை எழுதாவிட்டால் டெவலப்பர் மற்றதை எடுத்துக்கொள்ளக் கூடும். படிகளுக்கு முன்பு தொடக்க நிலையும் வேண்டும். 'செயலி முழுவதுமாக மூடப்பட்டிருக்கிறது' என்ற அந்த வரி இல்லாவிட்டால், பின்னணியில் காலையிலிருந்தே திறந்திருந்த செயலியில் அவர் சோதிப்பார், வேறு முடிவு வரும்.

எழுதி முடித்ததும் அந்தப் படிகளை நானே மறுபடி ஒருமுறை செய்து பார்ப்பேன். நினைவிலிருந்து செய்யாமல், எழுத்தைப் படித்துப் படித்துச் செய்வேன். அப்போதுதான் 'உணவு' பொத்தானைத் தொடுவதை விட்டுவிட்டேன் என்பது போன்ற ஓட்டைகள் தெரியவரும். கை பழகிவிட்ட செயல்தான் எழுத்தில் முதலில் விடுபடும்.

எதிர்பார்ப்பதையும் நடப்பதையும் தனித்தனியாக எழுதுவது சம்பிரதாயம் போலத் தோன்றும். ஆனால் வெள்ளிக்கிழமை எங்களுக்குள் நடந்த பேச்சைப் பாருங்கள். 'முன்பதிவு முடிந்தது' என்று வருவது பிழை என்றேன் நான்; அதுதான் சரி என்றார் அவர். இருவர் சொன்னதும் உண்மை, வெவ்வேறு நேரத்துக்கு. 'படி 3-இல் அன்றைய மெனு வர வேண்டும்' என்று எழுதியிருந்தால் அந்தக் குழப்பம் முதல் பதிலிலேயே தீர்ந்திருக்கும்.

கருவி விவரங்களில் புதியவர்கள் 'சாம்சங் போன்' என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். மாடல் பெயரையும் இயங்குதளப் பதிப்பையும் ஆண்ட்ராய்டில் `Settings > About phone` பகுதியில் பார்க்கலாம், ஐஃபோனில் `Settings > General > About` பகுதியில். செயலியின் பதிப்பு எண்ணையும் பில்ட் எண்ணையும் எங்கள் செயலியின் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் வைத்திருக்கிறோம். பில்ட் எண் ஏன் தேவை என்றால், ஒரே 3.8.1 என்ற பெயரில் சோதனைக்காக நாலைந்து பில்ட்கள் வெளியாகியிருக்கும். எந்தக் குறியீட்டில் பிழை இருக்கிறது என்பதை அந்த எண்தான் துல்லியமாகச் சொல்லும்.

எல்லா விவரத்தையும் கொட்ட வேண்டியதில்லை. பாட்டரி எத்தனை சதவீதம் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் எது தேவைப்படும் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதுதான் இதிலுள்ள சங்கடம். வெள்ளிக்கிழமை காலை என்னிடம் யாராவது 'மணி என்ன என்று எழுதினாயா?' என்று கேட்டிருந்தால், உணவு மெனுவுக்கும் மணிக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்திருப்பேன். அதனால் இப்போது மாடல், இயங்குதளம், பில்ட், நெட்வொர்க், கைப்பேசியின் மொழி, நேர மண்டலம், பிழையைப் பார்த்த மணி ஆகிய ஏழையும் எப்போதும் எழுதிவிடுகிறேன். எழுத இரண்டு நிமிடம் ஆகும்.

எது பொருந்தாது என்று சோதித்துப் பார்த்ததையும் எழுத வேண்டும். 'வைஃபை, டேட்டா இரண்டிலும் நிகழ்கிறது' என்ற ஒரு வரி டெவலப்பரை நெட்வொர்க் பக்கம் போகவிடாமல் தடுத்தது. ஐஃபோனிலும் நிகழ்கிறது என்றதும், ஆண்ட்ராய்டுக்கு மட்டுமே உரிய குறியீட்டை அவர் திறக்கவே இல்லை.

இனி காணொளி. அந்த 40 வினாடியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். முகப்புத் திரையில் கடிகாரம் 7:59 காட்டுகிறது. செயலியைத் திறக்கிறேன், 'உணவு' தொடுகிறேன். 'இன்று' என்ற தலைப்பின் கீழே செவ்வாய்க்கிழமையின் மீ கோரெங், 'முன்பதிவு முடிந்தது'. கடிகாரம் 8:00 ஆகிறது. பக்கத்தைக் கீழே இழுக்கிறேன். புதன்கிழமையின் சோறும் சாம்பாரும் வருகின்றன, 'முன்பதிவு செய்யலாம்'. அவ்வளவுதான். பேச்சு இல்லை, பின்னணி இசையும் இல்லை.

இதற்குத் தனிச் செயலி எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 11 முதலும் ஐஓஎஸ் 11 முதலும் திரையைப் பதிவு செய்யும் வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் மேலிருந்து இழுத்தால் வரும் பட்டையிலும், ஐஃபோனில் கட்டுப்பாட்டு மையத்திலும் அந்தப் பொத்தானைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் பதிவைத் தொடங்கும்போதே தொடும் இடங்களைக் காட்டு என்று ஒரு தெரிவு கேட்கும். அதை இயக்கிவிட்டால் விரல் படும் இடமெல்லாம் ஒரு புள்ளி தெரியும். அது இல்லாமல் பார்த்தால் பக்கங்கள் தானாக மாறுவது போல இருக்கும், எதைத் தொட்டதால் மாறியது என்று தெரியாது.

காணொளியை வெட்டி ஒட்டக் கூடாது. 7:59-இல் ஒரு துண்டு, 8:00-இல் ஒரு துண்டு என்று சேர்த்திருந்தால், இடையில் நான் கணக்கை மாற்றவில்லை, செயலியை மூடித் திறக்கவில்லை என்பதற்கு ஆதாரம் போய்விடும். தொடக்கத்திலும் முடிவிலும் சும்மா நிற்கும் வினாடிகளைக் குறைத்துக்கொள்ளலாம், நடுவில் கை வைக்கக் கூடாது. அன்று நான் முதலில் எடுத்தது ஆறு நிமிடக் காணொளி, 7:55-லிருந்து. அதை அப்படியே அனுப்பாமல், இரு முனைகளையும் குறைத்து 40 வினாடியாக்கினேன். ஆறு நிமிடத்தில் எந்த இடத்தைப் பார்ப்பது என்று அவர் தேட வேண்டியிருக்கும்.

சில திரைகள் பதிவில் கறுப்பாகத்தான் வரும். வங்கிச் செயலிகளும் கட்டணப் பக்கங்களும் பாதுகாப்புக்காகப் பதிவைத் தடுத்துவிடுகின்றன. அப்போது இன்னொரு கைப்பேசியால் படம் பிடிக்க வேண்டியதுதான். கைப்பேசியை மேசையில் கிடத்தி, மேலிருந்து, விளக்கு திரையில் பிரதிபலிக்காதபடி எடுக்க வேண்டும்.

அந்தத் தாயின் ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த செய்திக் குறிகளைப் பற்றி எனக்கு வந்த கவலை நியாயமானது, செய்த விதம்தான் தவறு. பிள்ளையின் பெயர், பள்ளி, பெற்றோரின் அடையாள அட்டை எண், நடுவில் வந்து விழும் ஒருமுறைக் கடவுச்சொல் எல்லாம் காணொளியில் பதிவாகிவிடலாம். சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. வெளிநாட்டில் இருக்கும் அணிக்கு ஒரு பிள்ளையின் விவரத்தை அனுப்புவது சாதாரண விஷயம் இல்லை. ஆகவே பெற்றோரின் படத்தை அப்படியே இணைக்காமல், அதே பிழையைச் சோதனைக் கணக்கில் நிகழ்த்தி அதைப் பதிவு செய்கிறேன். பதிவுக்கு முன்பு 'தொந்தரவு செய்யாதே' நிலையை இயக்கிவிடுகிறேன். மேல்பட்டையில் கடிகாரம் தெரியும்படி விட்டுவைக்கிறேன்.

காணொளி இருந்தால் படிகள் வேண்டாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். காணொளியில் சொல்லைத் தேட முடியாது. ஆறு மாதம் கழித்து இதே பிழை திரும்பி வந்தால் 'நேற்றைய மெனு' என்று தேடுகிறவருக்கு எழுத்துதான் கிடைக்கும். மறுபக்கம், என் எழுத்தில் நான் கவனிக்காத ஒன்றைக் காணொளி காட்டிவிடும். இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன.

ஊகத்தைப் பற்றி அணியில் இருவிதக் கருத்து உண்டு. டெஸ்டர் காரணம் சொல்லக் கூடாது என்பார்கள் சிலர். நான் சொல்லலாம் என்கிற கட்சி, ஆனால் கண்டதிலிருந்து பிரித்து, கடைசியில், உறுதியில்லை என்று குறித்து. 'UTC பிழை' என்று தலைப்பிலேயே எழுதி, என் ஊகம் தவறாக இருந்தால், டெவலப்பர் அரை நாளை வீணடிப்பார்.

இந்த முறை ஊகம் சரியாக இருந்தது. வியாழக்கிழமை காலை சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. "அக்கா, வீடியோ பார்த்தேன். போன்ல ஆட்டோமேட்டிக் டைமை ஆஃப் பண்ணிட்டு, சிங்கப்பூர் ஜோன் வச்சு, காலை ஏழரைன்னு மாத்தினேன். உடனே வந்துடுச்சு." எட்டு மணிக்கு முன்பு எழுந்து காத்திருக்க வேண்டியதே இல்லாமல், பகலிலேயே பிழையை வரவழைக்க ஒரு வழியை அவர் கண்டுபிடித்துவிட்டார். அதை நான் படிகளில் சேர்த்துக்கொண்டேன். ஒரு எச்சரிக்கையும் எழுதினேன்: சில மணி நேரம் மாற்றினால் போதும், மாதக்கணக்கில் தள்ளினால் பாதுகாப்புச் சான்றிதழின் காலம் பொருந்தாமல் செயலி சர்வரோடு பேசவே மறுத்துவிடும்.

செயலி ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. காரணம் இந்த ஒரு வரி:

```
const today = new Date().toISOString().slice(0, 10);
```

பார்க்க ஒழுங்காக இருக்கும். இப்போதைய நேரத்தை எடுத்து, அதை எழுத்தாக்கி, முதல் பத்து எழுத்துகளை வெட்டினால் தேதி கிடைத்துவிடும். ஆனால் `toISOString()` எப்போதும் UTC நேரத்தைத்தான் தரும். சிங்கப்பூரில் ஜூலை 23 காலை 7:59 என்றால் UTC-யில் ஜூலை 22 இரவு 11:59. வெட்டினால் கிடைப்பது `2025-07-22`. செயலி அந்தத் தேதிக்கான மெனுவைக் கேட்டது, சர்வர் கேட்டதைக் கொடுத்தது.

சென்னையில் ஏன் இது ஒருநாளும் கண்ணில் படவில்லை என்பதும் இப்போது விளங்கும். இந்திய நேரம் UTC-யை விட ஐந்தரை மணி நேரம் முன்னால். அங்கே இந்தப் பிழை நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரைதான் உயிரோடு இருக்கும். அந்த நேரத்தில் யார் உட்கார்ந்து மெனுவைப் பார்ப்பார்கள்? எங்கள் தானியங்கிச் சோதனைகள் ஓடும் கணினி UTC நேரத்திலேயே இயங்குகிறது. அதற்கு இந்தப் பிழை எந்த மணியிலும் வராது, எல்லாச் சோதனையும் பச்சை. சிங்கப்பூரும் 1981 முடியும் வரை UTC-க்கு ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல்தான் எட்டு மணி நேரம் ஆனது. பழைய கணக்கே நீடித்திருந்தால் எல்லை ஏழரை மணிக்கு விழுந்திருக்கும், எட்டு என்ற முழு எண் எனக்குக் கொடுத்த துப்பு அவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்காது.

முந்தைய 3.7 பதிப்பில் பெற்றோர் முந்தைய நாள் மாலையே உணவைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும், 'இன்று' பக்கமே கிடையாது. 3.8-இல் அது வந்தபோதுதான் இந்த வரியும் வந்தது. 'எந்தப் பதிப்பிலிருந்து' என்ற வரியை என் அறிக்கையில் நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவர் தேட வேண்டிய இடம் இன்னும் சுருங்கியிருக்கும். இப்போது எங்கள் படிவத்தில் அதற்கும் ஓர் இடம் வைத்திருக்கிறோம்.

திருத்தத்தில் கைப்பேசி தேதியைக் கணக்கிடுவதையே நிறுத்திவிட்டார்கள். எந்த நாள் என்பதை சர்வர் சிங்கப்பூர் நேரப்படி முடிவு செய்கிறது. பெற்றோர் வெளிநாட்டுக்குப் போயிருந்தாலும் பிள்ளை சாப்பிடுவது சிங்கப்பூரில்தானே. தலைப்பில் 'இன்று' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தேதியும் கிழமையும் சேர்த்தார்கள். அது நான் கேட்டு வாங்கியது.

ஜூலை 25, ஆடி இரண்டாம் வெள்ளி. சோதனை பில்டை இரண்டு கைப்பேசிகளிலும் போட்டுக்கொண்டு, புதன்கிழமை எழுதிய அதே நான்கு படிகளை ஏழு இருபதுக்கு ஒன்றொன்றாகப் படித்துச் செய்தேன். படி 3-இல் 'இன்று, 25 ஜூலை, வெள்ளி'. முன்பதிவு செய்யலாம். எட்டு மணி தாண்டிப் புதுப்பித்தேன், எதுவும் மாறவில்லை. அன்றிரவு 11:59-க்கு இன்னொரு தடவை திறந்து, பன்னிரண்டு அடித்ததும் புதுப்பித்தேன். தேதி 26-க்கு மாறியது. இரண்டையும் பதிவு செய்து அறிக்கையின் அடியில் இணைத்தேன். மறுநாள் காலை சென்னையில் அவர் அதை மறுபடி மூடினார்.